சராசரிச் செலவு எங்கே ஆகக் குறையும்? ஒரு பாண் போறணையை வைத்து முழுக் கணக்கு

உயர்தரத்தில் பொருளியல் படிக்கிற பிள்ளைகளிடம் "எல்லைச் செலவுக் கோடு சராசரிச் செலவுக் கோட்டை எங்கே வெட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதன் ஆகக் குறைந்த புள்ளியில் சேர்" என்று சட்டென்று பதில் வரும். சரி, ஏன் அங்கே மட்டும்? கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வெட்டினால் என்ன குடி முழுகிப்போகும்? இந்த இடத்தில்தான் வகுப்பு கப்சிப் என்றாகிவிடும். படத்தை மனப்பாடம் செய்திருப்பார்கள். அது ஏன் அப்படி வரைய வேண்டியிருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஹட்டன் பக்கத்தில் டியூஷன் வகுப்பு நடத்துகிற நான் இதற்கு எப்போதும் எங்கள் பெரியப்பாவின் பேக்கரியைத்தான் இழுப்பேன். அவருடையது விறகுப் போறணை. உள்ளே விறகை எரித்து, செங்கல் நன்றாகச் சூடேறியதும் தணலை ஒதுக்கி, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்துவிட்டு, நீளத் துடுப்பால் பாண் அச்சுகளை உள்ளே தள்ளுகிற பழைய வகை. கீழே வருகிற இலக்கங்கள் கணக்கு சுலபமாக வரட்டும் என்று நான் முழுமையாக்கியவை. செலவு ஏறி இறங்குகிற விதம் மட்டும் அவருடைய சீஆர் கொப்பியில் இருப்பதுதான்.

முதல் வேலை: ஓர் இரவின் செலவை இரண்டாகப் பிரிப்பது

மலைக்குளிரில் பகலெல்லாம் ஆறிக்கிடந்த போறணையைச் சூடாக்குவது லேசான காரியமில்லை. செங்கல் சுவர் முழுக்கச் சூட்டைக் குடித்த பிறகுதான் முதல் பாண் உள்ளே போகும். அந்த இரவில் பத்துப் பாண் போட்டாலும் ஐந்நூறு போட்டாலும் இந்த முதல் விறகு அதேதான். கடை வாடகையின் ஒரு நாள் பங்கும், இரண்டு பேரின் அடிப்படைக் கூலியும் அப்படியே. இவை நிலையான செலவு. கணக்குக்கு இரவொன்றுக்கு 8,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம்.

மற்றது மாறும் செலவு. மா, ஈஸ்ட், உப்பு, மாஜரின் எல்லாம் பாண் எண்ணிக்கைக்கு நேராகக் கூடும். ஒரு றாத்தல் பாணுக்கு இது 80 ரூபா. இவ்வளவுதான் என்றால் கதை சப்பென்று முடிந்துவிடும்: எவ்வளவு அதிகம் போடுகிறோமோ அவ்வளவு மலிவு. ஆனால் போறணைக்குப் பக்கத்தில் ஓர் இரவு நின்று பார்த்தால் வேறு கதை தெரியும். முதல் சூட்டில் போட்ட பாண் வெளியே வந்ததும் போறணை கொஞ்சம் ஆறிவிடும். இரண்டாம் சூட்டுக்கு மறுபடி விறகு, மூன்றாவதுக்கு இன்னும். தென்மேற்கு மழை பிடித்த மாதங்களில் விறகு ஈரமாக இருக்கும், புகைதான் மிஞ்சும். பிசைந்த மா வரிசையில் காத்துக் கிடந்து புளித்துப்போகும், கொஞ்சம் வீசவேண்டி வரும். பின்னிரவு மூன்று மணி தாண்டினால் பெடியன்களுக்கு மேலதிகக் கூலி. இதெல்லாம் சேர்ந்து, பாண் கூடக் கூட ஒவ்வொரு பாணும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதல் செலவில் வருகிறது.

இந்தக் கடைசிப் பகுதியை 0.05q² என்று எழுதலாம். q என்பது அன்றிரவு போடும் பாண் எண்ணிக்கை. மொத்தச் செலவு:

```
C(q) = 8000 + 80q + 0.05q²
```

"இந்த 0.05 எங்கிருந்து சேர் வந்தது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நானே கேட்டுக்கொள்வேன். கொப்பியிலிருந்து மூன்று இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றும் சம இடைவெளியில் இருக்கட்டும். 200 பாண் போட்ட இரவில் 26,000 ரூபா, 400 போட்ட இரவில் 48,000, 600 போட்ட இரவில் 74,000. முதல் இடைவெளியில் செலவு 22,000 கூடியிருக்கிறது, அடுத்ததில் 26,000. இரண்டுக்கும் வித்தியாசம் 4,000. q² உறுப்பு இல்லாவிட்டால் இந்த வித்தியாசம் பூச்சியமாகத்தான் இருக்கும். ஆகவே 4,000 முழுவதும் அதனால் வந்தது. q²க்கு முன்னால் நிற்கிற எண்ணை b என்போம். இடைவெளி 200 என்பதால் அந்த வித்தியாசம் 2 × b × 200², அதாவது 80,000b. 4,000ஐ 80,000ஆல் வகுத்தால் 0.05. மற்ற இரண்டு எண்களும் பிறகு தானாக விழும்.

உண்மையான கொப்பியில் இவ்வளவு அழகாக வராது. மின்சாரம் நின்ற இரவு, ஈஸ்ட் பழசான இரவு என்று இலக்கங்கள் குதிக்கும். ஒரே எண்ணிக்கை போட்ட பல இரவுகளின் சராசரியை எடுத்தால்தான் இந்த முறை வேலை செய்யும். இன்னொன்று: இப்படி வந்த 8,000, முதல் விறகையும் வாடகையையும் கூலியையும் நேரடியாகக் கூட்டி வருகிற தொகைக்குக் கிட்ட இருக்கிறதா என்று பாருங்கள். 3,000 என்றோ 15,000 என்றோ வந்தால் சமன்பாட்டை நம்பாதீர்கள், எங்கோ ஒரு செலவு தப்பான பக்கத்தில் விழுந்திருக்கிறது.

அட்டவணை போடுவது, அதில் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம்

சராசரிச் செலவு என்பது மொத்தத்தை எண்ணிக்கையால் வகுத்தது. எல்லைச் செலவு என்பது இன்னும் ஒரு பாண் போட்டால் மொத்தம் எவ்வளவு கூடுகிறது என்பது. நூறு நூறாகப் போகும் அட்டவணையில், கூடிய தொகையை நூறால் வகுத்து எடுக்கிறோம்.

| பாண் | மொத்தச் செலவு (ரூபா) | சராசரி | முந்திய நூறிலிருந்து எல்லைச் செலவு |
|---|---|---|---|
| 100 | 16,500 | 165.00 | – |
| 200 | 26,000 | 130.00 | 95 |
| 300 | 36,500 | 121.67 | 105 |
| 400 | 48,000 | 120.00 | 115 |
| 500 | 60,500 | 121.00 | 125 |
| 600 | 74,000 | 123.33 | 135 |

சராசரி 165இல் தொடங்கி 120 வரை இறங்கி, பிறகு மெல்ல ஏறுகிறது. ஆகக் குறைந்தது 400இல். இப்போது நாலாவது நிரலைப் பாருங்கள். 400க்கு நேரே 115 இருக்கிறது, 120 அல்ல. அடுத்த வரியில் 125. 120 எங்குமே இல்லை! "சேர், சமன் ஆகவில்லையே, புத்தகம் பிழையா?" ஒவ்வொரு வருசமும் இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும்.

புத்தகம் பிழையில்லை. 115 என்பது 300க்கும் 400க்கும் நடுவே உள்ள நூறு பாணின் சராசரி எல்லைச் செலவு. அது உண்மையில் 350ஆவது பாண் அருகே பொருந்துகிற இலக்கம். அதேபோல 125 சொந்தமாவது 450க்கு. இவற்றை 400, 500 என்ற வரிகளுக்கு நேரே எழுதியது நம்முடைய வசதிக்காக. 350இல் 115, 450இல் 125 என்றால் நடுவில் 400இல் 120. சரியாகச் சராசரியும் அதேதான். வரைபுத்தாளில் எல்லைச் செலவுப் புள்ளிகளை இடைவெளியின் நடுவில் குறியுங்கள். வரி இருக்கும் இடத்திலேயே குறித்தால் கோடு ஐம்பது பாண் வலப்பக்கம் நகர்ந்து, சராசரிக் கோட்டை அதன் அடிப்புள்ளியில் வெட்டாமல் தாண்டிப் போய் வெட்டும். பரீட்சைத் தாள்களில் நான் பார்க்கிற கோணல் படங்களில் பாதி இதனால் வருபவை.

ஏன் சமன் ஆகவேண்டும்: முரளியின் கணக்கு

வகையிடலுக்குப் போகுமுன் ஒரு பந்துவீச்சுச் சராசரியைப் பார்ப்போம். துடுப்பாட்டச் சராசரியைவிட இதுதான் நமக்குப் பொருத்தம், ஏனென்றால் இதில் ஓட்டம் என்பது செலவு, விக்கெட் என்பது உற்பத்தி. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்பதுதான் சராசரி, அது குறைய வேண்டும். கண்டியிலிருந்து வந்த முரளிதரன் டெஸ்டில் 18,180 ஓட்டம் கொடுத்து 800 விக்கெட் எடுத்தார். வகுத்தால் 22.725. பதிவேட்டில் 22.72 என்று போட்டிருப்பார்கள்.

2010 ஜூலையில் காலியில் 800ஆவதை எடுத்துவிட்டு அவர் ஓய்வுபெற்றார். அவர் இன்னும் ஒரு விக்கெட்டுக்கு விளையாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 801ஆவதுக்கு 30 ஓட்டம் கொடுத்திருந்தால் 18,210ஐ 801ஆல் வகுக்க வேண்டும். 22.734, சராசரி ஏறியிருக்கும். 15 ஓட்டத்தில் எடுத்திருந்தால் 18,195ஐ 801ஆல், அதாவது 22.715. இறங்கியிருக்கும். சராசரி அசையாமல் அப்படியே நிற்க அந்த ஒரு விக்கெட்டின் விலை சரியாக 22.725 ஆக இருக்க வேண்டும்.

801ஆவது விக்கெட்டின் விலைதான் எல்லைச் செலவு. முந்திய 800ஆவது விக்கெட்டோடு அதை யாரும் ஒப்பிடவில்லை, சராசரியோடுதான் ஒப்பிட்டோம். இதை விட்டுவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

பாணுக்கும் அதே கணக்கு. இதுவரை q பாண், சராசரி A ரூபா. ஆகவே மொத்தம் qA. இன்னொரு பாண் m ரூபாவில் வருகிறது. புதிய சராசரியிலிருந்து பழையதைக் கழித்தால்:

```
(qA + m)/(q + 1) − A = (m − A)/(q + 1)
```

வலப்பக்கத்தில் கீழே இருப்பது எப்போதும் நேர் எண். ஆகவே சராசரி ஏறுமா இறங்குமா என்பதை மேலே உள்ள m − A மட்டுமே தீர்மானிக்கிறது. புதிய பாண் சராசரியைவிட மலிவு என்றால் சராசரி இறங்கும். கூட என்றால் ஏறும்.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். எல்லைக் கோடு சராசரிக் கோட்டை அடிப்புள்ளிக்கு இடப்பக்கம், 300 பாணில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 350இல் எல்லைச் செலவு சராசரிக்கு மேலே இருக்கும். மேலே இருந்தால் சராசரி ஏறியாக வேண்டும். ஆனால் 350இல் சராசரி இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நாமே சொல்லியிருக்கிறோம். இரண்டும் ஒன்றாக நடக்காது. வலப்பக்கம் தள்ளி வெட்டினாலும் இதே முட்டுக்கட்டைதான். எல்லைச் செலவு கீழே இருக்கும்வரை சராசரி இறங்கும், மேலே போனதும் ஏறும். ஆகவே இறக்கம் ஏற்றமாக மாறுகிற இடமும் கோடுகள் வெட்டுகிற இடமும் ஒரே இடம்.

நம் போறணையில் கிட்டப் போய்ப் பார்ப்போம். 399 பாணுக்கு மொத்தச் செலவு 47,880 ரூபா 5 சதம். 400க்கு 48,000. ஆகவே 400ஆவது பாண் 119 ரூபா 95 சதத்தில் வருகிறது, சராசரியைவிட ஐந்து சதம் மலிவு. 401க்கு மொத்தம் 48,120 ரூபா 5 சதம். 401ஆவது பாண் 120 ரூபா 5 சதம், ஐந்து சதம் கூட. அந்தப் பத்துச் சத இடைவெளிக்குள் சராசரி திரும்பிவிடுகிறது.

வகையிட்டுக் காட்டுவது

கணிதம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது இரண்டு வரி. சராசரி A(q) = C(q)/q. ஈவு விதிப்படி:

```
A'(q) = [q·C'(q) − C(q)] / q²
      = [C'(q) − A(q)] / q
```

C'(q) என்பதுதான் எல்லைச் செலவு. சராசரி ஆகக் குறைகிற இடத்தில் A' பூச்சியம். ஆகவே C' = A. முடிந்தது. மேலே ஒரு பாண் கூட்டிப் பார்த்த சமன்பாட்டோடு இதை ஒப்பிட்டால் அது இதே உருவம் என்பது தெரியும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பெருக்கல் வழி. C = q × A என்று எழுதி வகையிட்டால்:

```
C'(q) = A(q) + q·A'(q)
```

இது ஒரு கதை சொல்கிறது. இன்னொரு பாண் போடும்போது செலவு இரண்டு வழியில் கூடுகிறது. ஒன்று, அந்தப் பாண் தன் பங்குக்கு ஒரு சராசரித் தொகையை எடுத்துக்கொள்கிறது. மற்றது, அது வந்ததால் ஏற்கெனவே இருக்கிற q பாண்களின் சராசரியும் கொஞ்சம் அசைகிறது. அந்த அசைவு q மடங்காகிறது. சராசரி அசையாத இடத்தில் இரண்டாவது பகுதி இல்லாமல் போகிறது, எல்லைச் செலவும் சராசரியும் ஒன்றாகிவிடுகின்றன. 200 பாணில் போட்டுப் பாருங்கள். சராசரி 130, எல்லைச் செலவு 80 + 0.1 × 200 = 100. 30 ரூபா குறைவு. புதிய பாண் ஒன்று நிலையான 8,000இன் சுமையை மற்ற 200 பாணிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைத்ததில் 40 ரூபா இலாபம், 0.05q² பகுதி சராசரியை ஏற்றியதில் 10 ரூபா நட்டம், மிச்சம்தான் அந்த 30.

நம் போறணைக்கு விடை: 80 + 0.1q என்பது 8000/q + 80 + 0.05q க்குச் சமன். இருபக்கமும் 80 போய்விடும். 0.05q = 8000/q, அதாவது q² = 160,000, q = 400. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பாணின் மா விலையான 80 கணக்கிலிருந்தே கழன்றுவிட்டது. மா விலை 80 இல்லாமல் 110 ஆனாலும் சராசரிச் செலவு 30 ரூபா ஏறுமே தவிர, அது ஆகக் குறைகிற எண்ணிக்கை 400ஐ விட்டு நகராது.

A' பூச்சியம் என்பதால் மட்டும் அது அடிப்புள்ளி ஆகிவிடாது, உச்சியாகவும் இருக்கலாம். இரண்டாம் முறை வகையிட்டு C' = A என்று போட்டால் A'' = C''/q என்று மிஞ்சும். அதாவது வெட்டுகிற இடத்தில் எல்லைச் செலவு ஏறிக்கொண்டிருக்க வேண்டும். எல்லைக் கோடு கீழிருந்து மேலே வந்து வெட்டினால் அடி, மேலிருந்து கீழே இறங்கி வெட்டினால் உச்சி. நம் கணக்கில் C'' = 0.1, நேர். பயமில்லை.

அடிமட்டத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

சமன்பாடே இல்லாமலும் செய்யலாம். மொத்தச் செலவுக் கோட்டை வரைபுத்தாளில் போடுங்கள். அடிமட்டத்தின் ஒரு முனையை உற்பத்தித் தானத்தில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைக் கோட்டின் ஏதாவது ஒரு புள்ளியில் வையுங்கள். அந்த அடிமட்டத்தின் சாய்வு மொத்தச் செலவு கீழ் எண்ணிக்கை, அதாவது சராசரிச் செலவு. 100 பாண் புள்ளியில் அடிமட்டம் நன்றாக நிமிர்ந்து நிற்கும். மெல்ல மெல்லக் கீழே சாய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் அது கோட்டை வெட்டாமல் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். அதற்கும் கீழே சாய்த்தால் கோட்டில் எந்தப் புள்ளியையும் தொடாது. ஆகவே அதுதான் ஆகக் குறைந்த சராசரி. தொட்டுக்கொண்டு நிற்பதால் அடிமட்டத்தின் சாய்வும் அந்த இடத்தில் கோட்டின் சாய்வும் ஒன்று. கோட்டின் சாய்வுதான் எல்லைச் செலவு.

சாய்வில் தடுக்கி விழுவது பிள்ளைகள் மட்டுமல்ல. 1931இல் ஜேக்கப் வைனர் என்ற பெரிய பொருளியலாளர், வெவ்வேறு அளவுத் தொழிற்சாலைகளின் குறுங்காலச் சராசரிக் கோடுகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றின் அடிப்புள்ளிகள் வழியாகவும் போகிற, ஆனால் எதற்கும் மேலே போகாத ஒரு நீண்டகாலக் கோட்டை வரையச் சொன்னார். படம் வரைந்த வொங் என்பவர் கணிதக்காரர். அப்படி வரைய முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அடிப்புள்ளியில் குறுங்காலக் கோட்டின் சாய்வு பூச்சியம். நீண்டகாலக் கோடோ அந்த இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சாய்வு வேறாக இருக்கும் இரண்டு கோடுகள் ஓரிடத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று வெட்டித்தான் போகும், தொட்டுக்கொண்டு நிற்காது. வைனர் பின்னாளில் தன் பிழையை ஒத்துக்கொண்டார்.

இந்த விதி உதவாத இடங்கள்

பெரியப்பாவின் போறணை சின்னது, ஓர் இரவில் 300க்கு மேல் எப்படியும் முடியாது என்று வைப்போம். அப்போது ஆகக் குறைந்த சராசரி 300இல் வரும், 121.67 ரூபா. அங்கே எல்லைச் செலவு 110தான். இரண்டும் சமன் இல்லை, சராசரி இன்னும் இறங்க ஆசைப்படுகிறது, ஆனால் கொள்ளளவு மறிக்கிறது. எல்லையில் முட்டி நிற்கும் அடிப்புள்ளிக்கு A' = 0 விதி பொருந்தாது. கொப்பியில் இதை அடையாளம் காண்பது சுலபம்: எவ்வளவு முயன்றாலும் எண்ணிக்கை ஓரிடத்தில் நின்றுவிடும், அந்த இடத்தில் எல்லைச் செலவு சராசரிக்குக் கணிசமாகக் கீழேயே இருக்கும்.

அடுத்தது, முன்பு விட்டுவிடாதீர்கள் என்று சொன்ன குழப்பம். "எல்லைச் செலவு ஏறத் தொடங்கியதும் சராசரியும் ஏறும்" என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அட்டவணையில் எல்லைச் செலவு 95, 105, 115 என்று தொடக்கத்திலிருந்தே ஏறுகிறது. சராசரியோ 400 வரை இறங்கிக்கொண்டே போகிறது. 115இல் வந்த பாண் 105இல் வந்ததைவிடக் கூட என்பது சராசரிக்கு ஒரு பொருட்டே இல்லை. தன்னைவிடக் கூடவா குறைவா என்பதை மட்டும்தான் அது பார்க்கும்.

நிலையான செலவு கூடினால்? கடை வாடகையும் கடன் தவணையும் ஏறி 8,000 என்பது 12,500 ஆகிவிட்டது என்போம். 0.05q = 12500/q, q² = 250,000, q = 500. ஆகக் குறைந்த சராசரி 130 ரூபா. அடிப்புள்ளி வலப்பக்கமும் மேலேயும் நகர்ந்துவிட்டது. எல்லைச் செலவுக் கோடு ஒரு மயிரிழைகூட அசையவில்லை, ஏனென்றால் வாடகை அடுத்த பாணைப் பொறுத்ததல்ல. பழைய கோட்டின்மேலேயே வெட்டும் புள்ளி மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் 400 பாணா போட வேண்டும்?

இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முடித்து ஒருநாள் நான் பெரியப்பாவிடம் போனேன். "பெரியப்பா, நீங்க நானூறோட நிப்பாட்டினா ஒரு பாணுக்குச் செலவு ஆகக் கொறயும். அறுநூறு போட்டு ஏன் கஷ்டப்படுறீங்க?" என்று கேட்டேன்.

மா ஒட்டிய கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நானூறு போட்டா கையில எவ்வளவு மிஞ்சும்?"

கணக்குக்கு ஒரு பாண் 140 ரூபாவுக்குப் போகிறது என்று வைத்தோம். 400 போட்டால் பாணுக்கு 20 ரூபா இலாபம், மொத்தம் 8,000. 500 போட்டால் சராசரி 121, பாணுக்கு 19, மொத்தம் 9,500. 600 போட்டால் சராசரி 123.33 ஆக ஏறுகிறது, பாணுக்கு 16.67தான், ஆனால் மொத்தம் 10,000. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சராசரிச் செலவு ஆகக் குறைகிற இடமும் இலாபம் ஆகக் கூடுகிற இடமும் ஒன்றல்ல. 401ஆவது பாண் சராசரியை ஏற்றுகிறதுதான், ஆனாலும் அது 120 ரூபாவில் வந்து 140க்குப் போகிறது, 20 ரூபா தருகிறது. எல்லைச் செலவு 140ஐத் தொடும்வரை ஒவ்வொரு பாணும் ஏதாவது தரும். 80 + 0.1q = 140 என்றால் q = 600. வாடகை 12,500 ஆன கதையிலும் அவருக்கு நல்ல எண்ணிக்கை இதே 600தான். அடிப்புள்ளி 500க்கு ஓடிப்போனாலும் அவர் அசையத் தேவையில்லை, இலாபம் மட்டும் 5,500க்கு இறங்கும்.

இரண்டு புள்ளிகளும் எப்போது ஒன்றாகும்? ஊரில் நாலு பேக்கரி வந்து, சூன் பாண் ஓட்டோக்களும் லயத்து வாசல் வரை வந்து, விலை 120க்கு இறங்கினால். அப்போது 80 + 0.1q = 120, q = 400. விலை, எல்லைச் செலவு, சராசரிச் செலவு மூன்றும் 120. இலாபம் பூச்சியம். பாடப்புத்தகத்தில் நிறைபோட்டியின் நீண்டகாலச் சமநிலை என்று மூன்று கோடும் ஒரு புள்ளியில் சந்திக்கிற படம் இதுதான்.

பெரியப்பாவிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: அப்போ எழுநூறு போடலாமே? அவர் சிரித்தார். "எழுநூறு போட்டா விடியிற மட்டும் நிக்கணும், காசும் கொறயும்டா மகன்." கொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 700க்கு மொத்தச் செலவு 88,500, விற்றால் 98,000. மிச்சம் 9,500.